கீழே கொடுத்த ஒன்று

வீட்டின் முன் ஹோலில் இருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. குசினியில் நின்ற அருள்மலரின் கையில் இருந்த அகப்பை குழம்புச் சட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டது.

கோடு கீறுகிற மர அடிமட்டம் மேசையில் விழுகிற சத்தம் அது. பிள்ளையில் அது ஒருநாளும் விழுந்ததில்லை. அவளுடைய கணவன் தியாகலிங்கம் பிள்ளைக்குக் கை நீட்டுகிற மனிதன் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ தன் முதுகில் போட்டதுபோல அவள் உடம்பு ஒருமுறை சுருங்கி விரியும்.

“அறுபத்திரண்டிலை இருபத்தேழு போனா இருபத்தைஞ்சோ? திருப்பிச் செய்.”

பிறகு பென்சில் உராய்கிற சத்தம். அழிறப்பர் தேய்கிற சத்தம். ஒன்பது வயதுப் பிள்ளை மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் வைத்திருக்கிற சத்தத்தைக்கூடத் தாய்க்குக் கேட்க முடியும் என்று சொன்னால் நம்புவீர்களா? அருள்மலருக்குக் கேட்டது.

“இப்பவும் இருபத்தைஞ்சு.” தியாகலிங்கத்தின் குரல் உயரவில்லை. தாழ்ந்துதான் போனது. அதுதான் இன்னும் பயங்கரம். “நிது, நான் உனக்கு என்ன சொல்லித் தந்தனான்?”

நிதுசன் மனப்பாடமாய் ஒப்புவித்தான். இரண்டிலிருந்து ஏழு போகாது. மேலே பத்தைக் கூட்டினால் பன்னிரண்டு. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. மேலே பத்துக் கூட்டினபடியால் கீழே இருக்கிற இரண்டுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அது மூன்று. ஆறில் மூன்று போனால் மூன்று. விடை முப்பத்தைந்து.

“பாத்தியோ. வாயாலை சொன்னா சரியாச் சொல்லுறாய். கையாலை செய்யேக்கை மட்டும் உன்ரை மூளை எங்கை போகுது?”

அந்தக் கேள்விக்குத்தான் அந்த வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

மோர்னிங்சைட் வீதியில் இருந்த அந்த உயர்ந்த கட்டடத்தின் ஏழாம் மாடிக்கு அவர்கள் ஊரை விட்டு வந்து இது மூன்றாவது குளிர்காலம். தொண்ணூற்று நான்காம் ஆண்டு. தியாகலிங்கம் ஊரில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியர். அவரிடம் படித்து டொக்டராகவும் எஞ்சினியராகவும் போன பிள்ளைகள் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். இங்கே அவர் கோழி வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் நின்றார். சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் இன்னும் இரண்டு வருடம் படிக்கச் சொன்னார்கள். படிக்கிற காலத்தில் வீட்டு வாடகையை யார் கட்டுவது என்று அவர்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

அதே தொழிற்சாலையில் வேலை செய்கிற நாலாம் மாடித் தில்லையம்பலம் அவரை லிஃப்டில் கண்டால் விடமாட்டார்.

“மாஸ்ரர், இண்டைக்கு எத்தினை கோழியைக் கழிச்சனியள்?”

தியாகலிங்கம் சிரிப்பார். வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்.

வேலையால் வந்து குளித்து, வெள்ளைச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேசையைத் துடைத்து, அடிமட்டத்தை வலப்பக்கம் வைத்து உட்காருகிற அந்த ஒரு மணித்தியாலம்தான் அவர் பழைய தியாகலிங்கம் மாஸ்ரர். அருள்மலருக்கு அது தெரியும். தெரிந்தபடியால்தான் அவள் குசினியை விட்டு வெளியே வராமல் நின்றாள். ஒரு பக்கம் பிள்ளை. மறுபக்கம் அவனுடைய தகப்பன். யாரை எடுத்து யாரை விடுவது?

பிள்ளைக்குக் கணக்கென்றால் பயம். பயம் என்ற சொல் அதற்குப் போதாது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சோதனை என்றால் காலையில் குடித்த பால் அப்படியே வெளியே வந்துவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் இருப்பான். பின்னேரம் சாப்பாட்டுக் கோப்பைகளைத் தூக்கி மேசையை வெறுமையாக்கினால் போதும், பிள்ளையின் முகத்தில் இரத்தம் இருக்காது. நகம் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. ஆங்கிலம் வாசிப்பான், படம் கீறுவான், ஹொக்கி விளையாட்டுக்காரர்கள் எல்லாரையும் பெயர் சொல்லுவான். எண்களைக் கண்டால் மட்டும் நாயைக் கண்ட பூனைக்குட்டி.

கார்த்திகை மாதம் பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது இடி விழுந்தது. நாலாம் வகுப்பு ஆசிரியை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதியவர் என்றபடியால் அதிபர் அம்மாவே அவர்களோடு இருந்து கதைத்தார். பிள்ளை கணக்கில் இரண்டு வருடம் பின்னுக்கு நிற்கிறானாம். இப்படியே போனால் வைகாசியில் ஒரு கூட்டம் கூடித் தீர்மானிப்பார்களாம். வேறொரு பள்ளிக்கூடத்தில், விளங்கிக்கொள்ளக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கென்று இருக்கிற சிறிய வகுப்புக்கு மாற்றுவது நல்லதாம். அதிபர் அன்பாகத்தான் சொன்னார். தியாகலிங்கம் அன்பாகத்தான் தலையாட்டினார்.

பஸ் தரிப்பிடத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அருள்மலர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“கணக்கு வாத்தியின்ரை பிள்ளையை மொக்கு வகுப்பிலை விடப்போகினம்” என்றார் அவர்.

அப்படியான பிள்ளைகளை ஏற்றக் காலையில் கட்டடத்துக்கு முன்னால் வந்து நிற்கிற சின்ன மஞ்சள் பஸ்ஸை அன்றிலிருந்து அருள்மலரால் பார்க்க முடியவில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கூட்டமாக நடந்து போக, அந்த பஸ்ஸில் இரண்டு மூன்று பிள்ளைகள் தனித்தனி யன்னலில் முகத்தை வைத்தபடி போவார்கள். அந்த வகுப்புக்குப் போகிற பிள்ளைகளும் யாரோ பெற்ற செல்வங்கள்தான். ஆனால் தன் பிள்ளை அந்த யன்னலில் இருந்து தன்னைப் பார்ப்பதை நினைக்கையில் அவள் நெஞ்சு வெடித்தது. அவன் மொக்கன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதை எப்படி எண்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒரு மணித்தியாலப் பாடம் ஒன்றரை மணித்தியாலமானது. அடிமட்டத்தின் சத்தம் கூடியது. பிள்ளையின் விடைகள் இன்னும் பிழைத்தன.

மாசி மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருந்து தொலைபேசி வந்தது. நிதுசன் சோதனைக்கு இடையில் குடித்த பாலையெல்லாம் சத்தி எடுத்துவிட்டான், வந்து கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று கேட்டார்கள். தியாகலிங்கம் வேலையில். அருள்மலர் கோட்டைக் கொளுவிக்கொண்டு, சறுக்குகிற நடைபாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வகுப்பில் மற்றப் பிள்ளைகள் இல்லை, இடைவேளை. நிதுசன் ஆசிரியையின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் சுருண்டிருந்தான். ஆசிரியையின் பெயர் மிஸிஸ் சுக்தியோ. கார்த்திகையில் முதன்முதல் கண்டபோது அருள்மலர் அவரைத் தமிழ்ப் பெண் என்று நினைத்துத் தமிழில் கதைத்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, தான் கயானா நாட்டில் பிறந்தவள் என்றும், கரும்பு வெட்டக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன இந்தியர்களின் வழி என்றும் சொன்னார். நரைத்த தலையும், கறுத்த முகமும், கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலியுமாக, அருள்மலரின் மூத்த மச்சாளைப் போலவே இருந்தார்.

மிஸிஸ் சுக்தியோ ஒரு கதிரையை இழுத்துவிட்டு அருள்மலரை இருக்கச் சொன்னார். மேசையில் நிதுசனின் சோதனைத் தாள்கள் பரவிக் கிடந்தன. அருள்மலரின் ஆங்கிலம் புதிதாக வந்தவர்களுக்கு நடக்கிற காலை வகுப்பில் படிக்கிற ஆங்கிலம்தான். அவர் அதை உணர்ந்து மெதுவாக, சின்னச் சொற்களாகக் கதைத்தார். கணக்குக்குப் பாஷை பெரிதாகத் தேவைப்படவும் இல்லை.

முதலில் சரியான கணக்குகளைப் பச்சைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். எழுபத்தெட்டில் முப்பத்தைந்து, அவன் விடை நாற்பத்து மூன்று, சரி. தொண்ணூற்றாறில் ஐம்பத்து நான்கு, நாற்பத்திரண்டு, சரி. மேலே இருக்கிற எண் பெரிதாகவும் கீழே இருப்பது சிறிதாகவும் வந்த கணக்கு ஒன்றும் பிழைக்கவில்லை. பிறகு பிழைகளைக் காட்டினார். எண்பத்து மூன்றில் நாற்பத்தாறு. முப்பத்தேழு வரவேண்டும், அவன் எழுதியது இருபத்தேழு. எழுபத்தொன்றில் இருபத்தைந்து; நாற்பத்தாறு வரவேண்டும், அவன் எழுதியது முப்பத்தாறு. முந்நூற்று நாற்பத்தைந்தில் நூற்று இருபத்தெட்டு. இருநூற்றுப் பதினேழு வரவேண்டும், அவன் எழுதியது இருநூற்றேழு.

அருள்மலர் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். “பத்து” என்றாள். “எல்லாத்திலும் பத்துக் குறையுது.”

மிஸிஸ் சுக்தியோவின் கண்கள் மலர்ந்தன. அதுதான் என்றார். தெரியாத பிள்ளை கண்டபடி பிழை விடும், ஒவ்வொரு தரமும் வேறு பிழை விடும். இந்தப் பிள்ளை எப்போதும் ஒரே பிழையைத்தான் விடுகிறான். இதற்குள் ஏதோ ஒழுங்கு இருக்கிறது. வகுத்தல் பிழைப்பதும் இதனால்தான். வகுத்தலுக்குள்ளே கழித்தல் இருக்கிறது. மூளை இல்லாத பிள்ளைக்கு இவ்வளவு ஒழுங்காகப் பிழைவிட வராது.

பிறகு அவர் ஒரு தாளை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் அவர் சொல்லிக்கொடுத்த முறைப்படி நிதுசன் மேலே எண்பத்து மூன்றில் இருந்த எட்டை வெட்டி ஏழு என்று எழுதியிருந்தான். பக்கத்துப் பத்தை உடைத்து மூன்றைப் பதின்மூன்று ஆக்குகிற முறை. அது சரி. ஆனால் கீழே, நாற்பத்தாறின் நாலுக்குப் பக்கத்தில், எழுதி அழித்த ஒரு தடம் இருந்தது. பென்சில் போய்விட்டது, தாளில் பதிந்த குழி போகவில்லை. சின்னதாக ஒரு ‘ஒன்று’. பிழைத்த கணக்குகள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் அந்தக் குழி இருந்தது.

அந்த ஒன்றைத் தனக்குத் தெரியும் என்றார் மிஸிஸ் சுக்தியோ. சின்ன வயதில் கயானாவில் தனக்கும் அப்படித்தான் படிப்பித்தார்களாம். மேலே பத்துக் கூட்டு, கீழே ஒன்று கொடு. இங்கே வந்து ஆசிரியையானபோது தானே பழையதை விட்டுப் புதியதைப் படிக்கவேண்டி வந்ததாம். இதை இவனுக்கு வீட்டில் யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டார்.

அருள்மலர் திரும்பி நிதுசனின் கன்னத்தைத் தொட்டாள்.

“நிது, ரெண்டும் செய்யிறியோ? மேலையும் வெட்டி, கீழையும் குடுக்கிறியோ?”

பிள்ளை ஆசிரியையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், தன் விரலைப் பார்த்தான்.

“அப்பான்ரை ஒண்டு. மிஸ்ஸின்ரை ஒண்டு” என்றான். “ஒண்டை மட்டும் செய்தா மற்ற ஆள் கோவிப்பார். ரெண்டும் செய்தா ஒருத்தரும் கோவிக்கமாட்டினம் எண்டு நினைச்சன். வீட்டிலை மேலை வெட்டினா அப்பா ஏசுவார். அதாலை மனசுக்குள்ளை வெட்டுவன். இஞ்சை கீழை எழுதிப்போட்டு அழிப்பன்.”

ஐயோ, என் செல்வமே. எட்டில் ஒன்றை எடுத்து ஏழு; நாலுக்கு ஒன்றைக் கொடுத்து ஐந்து; ஏழில் ஐந்து போனால் இரண்டு. ஒரேயொரு பத்துக்காக இரண்டு பக்கமும் ஒன்று கொடுத்துவிட்டு, ஏன் பிழைக்கிறது என்று தெரியாமல், தன்னை மொக்கன் என்று நம்பிக்கொண்டு, காலையில் சத்தி எடுத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறான். அருள்மலர் பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். அவன் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்கு வரவில்லை. நிதுசனே சொன்னான். மிஸிஸ் சுக்தியோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தினமும் மதிய இடைவேளையில் நிதுசனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ்கிறீம் குச்சிகளை மேசையில் பரப்பி, ஒரு கட்டை அவிழ்த்துப் பத்துக் குச்சிகளை ஒன்றுகளோடு சேர்க்கச் சொல்லுவார். “கட்டு ஒன்று குறைந்துவிட்டது, பார். வேறு யாருக்கும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை.” ஒரு கிழமையில் விடைகள் சரியாக வரத் தொடங்கின. ஆனால் திங்கட்கிழமைகளில் திரும்பவும் பத்துக் குறைந்தது. சனியும் ஞாயிறும் வீட்டில் பாடம் நீளம்.

இதைக் கணவனிடம் சொல்லுமாறு மிஸிஸ் சுக்தியோ அருள்மலரைக் கேட்டிருந்தார். அவளும் ஒவ்வொரு பின்னேரமும் சொல்லத்தான் நினைத்தாள். அவர் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையைச் சீவிக்கொண்டு ஹோலுக்கு வருவார். அந்த முகத்தைக் கண்டதும் அவளுக்கு நாக்கு எழும்பாது. என்ன சொல்லுவது? நீங்கள் படிப்பிக்கிறதாலைதான் பிள்ளை பிழைவிடுகிறான் என்றா? ஒருநாள் துணிந்து, பள்ளிக்கூடத்தில் வேறு முறையாம் என்று மட்டும் தொடக்கினாள். “கணக்கு உலகம் முழுக்க ஒண்டுதான், அருள்” என்று அவர் முடித்துவிட்டார்.

கடைசியில் மிஸிஸ் சுக்தியோ தானே வந்தார். அங்கே ஆசிரியர்கள் வீடுகளுக்கு வருகிற வழக்கமில்லை. சித்திரை மாதத்து ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், கையில் ஒரு வாழைப்பழக் கேக்கோடு ஏழாம் மாடியில் வந்து நின்றார்.

தியாகலிங்கம் கழுத்துப் பட்டியே கட்டியிருந்தார். அருள்மலர் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். இரண்டு ஆசிரியர்களும் மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். தியாகலிங்கத்துக்கு ஆங்கிலம் நன்றாக வரும். மனைவிக்கு விளங்காததை இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஊரில் படிப்பித்தீர்கள், எந்த வகுப்பு என்று மிஸிஸ் சுக்தியோ கேட்டார். இந்த நாட்டில் அவரிடம் ஒருவரும் கேளாத கேள்வி. தியாகலிங்கத்தின் குரலில் அருள்மலர் மறந்துபோயிருந்த ஒரு கம்பீரம் வந்து ஏறியது.

உங்கள் கழித்தல் முறை ஏன் சரியாக வருகிறது என்று சொல்லுங்கள், எனக்கு அதைப் படிப்பித்தவர்கள் காரணம் சொல்லவேயில்லை என்றார் மிஸிஸ் சுக்தியோ.

தியாகலிங்கம் ஒரு தாளை இழுத்தார். அறுபத்திரண்டு, இருபத்தேழு. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசந்தான் விடை. அண்ணனுக்கு இன்றைக்கு அறுபத்திரண்டு வயது, தம்பிக்கு இருபத்தேழு என்று வையுங்கள். பத்து வருடம் போகட்டும். அண்ணனுக்கு எழுபத்திரண்டு, தம்பிக்கு முப்பத்தேழு. வித்தியாசம் மாறுமா? மாறாது. இரண்டு பேருக்கும் பத்தைக் கூட்டலாம். அண்ணனுக்கு அந்தப் பத்தை ஒன்றின் இடத்தில் பத்து ஒன்றுகளாகக் கூட்டுகிறோம். தம்பிக்கு அதையே பத்தின் இடத்தில் ஒன்றாகக் கூட்டுகிறோம். பன்னிரண்டில் ஏழு ஐந்து. ஆறில் மூன்று மூன்று. முப்பத்தைந்து.

“அழகு” என்றார் மிஸிஸ் சுக்தியோ. அவர் சும்மா சொல்லவில்லை. அருள்மலரும் இத்தனை வருடத்தில் அதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டாள். வாசலில் நின்ற நிதுசனும் தகப்பனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிமிடத்தில் அவர் எவ்வளவு பெரிய ஆசிரியராக இருந்தார்.

அப்போதுதான் மிஸிஸ் சுக்தியோ பையைத் திறந்து, நிதுசனின் சோதனைத் தாளை அவர் முன்னால் வைத்தார். ஒரு கணக்கு, இரண்டாவது கணக்கு, மூன்றாவது கணக்கு. தியாகலிங்கத்தின் விரல் நின்றுவிட்டது. மேலே வெட்டியிருந்த எட்டைத் தொட்டது. பிறகு கீழே, அழித்த குழியைத் தொட்டது. அந்தச் சின்ன ஒன்றைச் சரித்து எழுதுகிற பழக்கம் அவருடையது.

“ரெண்டு பக்கமும்” என்று தமிழில் தனக்குள் சொன்னார். “நிது, இஞ்சை வா. ஏன் ரெண்டு பக்கமும் குடுத்தனி?”

பிள்ளை வரவில்லை. வாசலிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அருள்மலர்தான் சொன்னாள்.

“நீங்களும் கோவிக்கக்கூடாது, மிஸ்ஸும் கோவிக்கக்கூடாது எண்டு செய்தவனாம்.”

தியாகலிங்கம் மேசையின் வலப்பக்கத்தைப் பார்த்தார். விருந்தாளி வருகிறார் என்று துடைத்து அழகாக வைத்த அடிமட்டம் அங்கே கிடந்தது. அதை எடுத்து, மேசைக்குக் கீழே, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மிஸிஸ் சுக்தியோ மிகவும் மெதுவாகக் கதைத்தார். போன கிழமை பிள்ளையைத் தனியாக இருத்தி ஒரே முறையில் மட்டும் கணக்குச் செய்வித்ததாகவும், ஒன்றைத் தவிர எல்லாம் சரியாகச் செய்ததாகவும் சொன்னார். வைகாசிக் கூட்டத்துக்கு முன் அவனைத் திரும்பச் சோதிப்பார்கள். அந்தத் தாள்களோடு தானே கூட்டத்துக்குப் போய், இந்தப் பிள்ளைக்கு அந்த வகுப்புத் தேவையில்லை என்று சொல்லப்போகிறார். ஆனால் அதற்கு அவனுடைய தலைக்குள் ஒரு முறை மட்டும் இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் மேலே போகப் போக எல்லாம் அந்த முறையில்தான் வரும். ஆகவே வீட்டில்…

அவர் அங்கே நிறுத்தினார். பிறகு சொல்லி முடித்தார்.

அருள்மலருக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் தியாகலிங்கம் வழக்கம்போல அவள் பக்கம் திரும்பி, மொழிபெயர்க்கத் தொடங்கினார். விளங்கிவிட்டது, சொல்லவேண்டாம் என்று தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவரை அந்தக் கடைசி வேலையிலிருந்தும் இறக்கிவிட அவளால் முடியவில்லை.

“மேடம் சொல்லுறா…” என்று அவர் தொடங்கினார். “பிள்ளைக்கு இனி வீட்டிலை கணக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாமாம். தகப்பன் நல்ல ஆசிரியராம். அதாலைதானாம் பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். என்ரை முறை பிழையில்லையாம்.”

கடைசி வசனத்தை அவர் இரண்டு தரம் சொன்னார்.

பிறகு ஆங்கிலத்தில், கழித்தலைத்தானே விடச் சொல்கிறீர்கள், வாய்ப்பாடு கேட்கலாமா என்று கேட்டார். ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் கேட்கிற மாதிரி அது இருக்கவில்லை. பிள்ளையொன்று தின்பண்டம் கேட்கிற மாதிரி இருந்தது. அருள்மலர் முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மிஸிஸ் சுக்தியோவின் கண்கள் வாசலில் நின்ற பிள்ளைக்குப் போயின. அவன் இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். இந்த மேசையைத் துடைக்கிறபோதே அவனுக்குச் சத்தி வருகிறதாம், அவனே தனக்குச் சொன்னான் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். இப்போதைக்கு ஒன்றுமே வேண்டாம். பயம் போகட்டும். பயம் போன பிறகு, ஒருநாள், அவனே உங்களிடம் கேட்டு வரட்டும். இன்றைக்கு எனக்குச் சொன்ன அந்த அண்ணன் தம்பிக் கதையை அப்போது அவனுக்குச் சொல்லுங்கள்.

“அவன் கேட்டு வருவானோ?” இந்தக் கேள்வியைத் தியாகலிங்கம் தமிழில்தான் கேட்டார். ஆகவே மிஸிஸ் சுக்தியோவுக்கு அது விளங்கவில்லை.

அருள்மலர் தேநீரை மாற்றி வைத்தாள். ரோல்ஸ் இன்னொன்று எடுக்கச் சொல்லி வற்புறுத்தினாள். சாப்பிட்டுக்கொண்டே மிஸிஸ் சுக்தியோ நிதுசனைக் கூப்பிட்டு, நேற்றைய ஹொக்கி ஆட்டத்தில் யார் எத்தனை கோல் போட்டது என்று கேட்டார். பிள்ளை மெல்ல மெல்ல வந்து, மேசையில் கை வைத்து, சொல்லத் தொடங்கினான். நாங்கள் ஐந்து, அவர்கள் மூன்று, இரண்டால் வென்றோம் என்றான். கழித்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. தியாகலிங்கம் கவனித்தார். அவருடைய வாய் ஏதோ சொல்லத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

போகிற நேரம் வந்தது. தியாகலிங்கம் அடிமட்டத்தைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பி, விருந்தாளியின் கோட்டை எடுத்துப் பிடித்தார். ஊரில் கல்விப் பணிப்பாளர் வந்து போகும்போது பிடிக்கிற மரியாதையோடு பிடித்தார். மிஸிஸ் சுக்தியோ கையை நீட்டினார். அவர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, “தாங்க் யூ, மேடம். ப்ளீஸ், என் பிள்ளையை அந்த வகுப்புக்கு விடாதீங்கோ” என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னார். மேடத்துக்கு விளங்கியிருக்கும். அவர் அந்தக் கைகளை ஒருமுறை அழுத்திவிட்டு, லிஃப்ட் பக்கம் நடந்தார். லிஃப்ட் வரும்வரை தியாகலிங்கம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் நிதுசன் தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“அம்மா, இண்டைக்குக் கணக்கு இருக்கோ?”

“இல்லை, ராசா.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இல்லை.”

பிள்ளை வயிற்றில் இருந்து கையை எடுத்தான். நெடுநாள் பிடித்து வைத்திருந்த மூச்சை அவன் விட்ட சத்தம் அருள்மலருக்குக் கேட்டது. ஒரு தாய் ஆயிரம் கோவிலில் நேர்ந்து கேட்கிற சத்தம் அது. கதவடியில் நின்றவருக்கும் அது கேட்டதுதான் கொடுமை. அவருடைய தோள் ஒருமுறை அசைந்தது.

தூரத்தில் லிஃப்ட் கதவு மூடியது. தியாகலிங்கம் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சங்கிலியைப் போட்டார். போட்ட பிறகும் திரும்பாமல், கதவைப் பார்த்தபடியே நின்றார். கழுத்துப் பட்டி இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.